டபுள் பேஸ்: முதல் ஷிஃப்ட் வரை, படிப்படியாக

டபுள் பேஸ் தொடங்கும் 10, 12 வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். டி மேஜர் ஸ்கேலில் ஆறாவது சுரமான பி-யிலிருந்து ஏழாவதான சி ஷார்ப்புக்குப் போகும் இடம் அது. அதுவரை இடது கை ஒரே இடத்தில் நின்று வாசிக்கும். அங்கேதான் முதன்முறையாகக் கை மொத்தமும் இடம்பெயர வேண்டும். இந்த ஷிஃப்ட் சரியாக அமைய நிற்பது, வில், விரலமைப்பு மூன்றும் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பேஸ் செங்குத்தாக நிற்பதால், சுரம் மேலே போகப் போகக் கை தரையை நோக்கி இறங்கும். இங்கே "கீழே" என்று வரும் இடமெல்லாம் தந்திகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜின் பக்கம் என்று பொருள்.

1. தொடங்கும் முன் தேவையானவை

பெரியவர்கள் வாசிப்பது பெரும்பாலும் முக்கால் அளவுப் பேஸ்தான். அதன் தந்தி நீளம், அதாவது விரல்பலகையின் மேல் முனையில் தந்திகள் படியும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை, சுமார் 105 செ.மீ. சிறு பிள்ளைகளுக்குக் கால் அளவு, அரை அளவு என்று சிறியவை உண்டு. வயதை வைத்து அளவு பார்க்காதீர்கள், கையை வைத்துப் பாருங்கள். நட்டுக்கு அருகே ஆள்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையே ஒரு முழுச்சுரம் அடங்க வேண்டும். அதற்காக விரல்களை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தால் அந்தப் பேஸ் பெரியது. இங்கே தரும் அளவுகள் 105 செ.மீ. தந்திக்கானவை. அரை அளவுப் பேஸ் என்றால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, விரல்பலகையின் கீழ் முனையில் பலகைக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். தொடங்குபவருக்கு ஜி தந்தியில் 5-6 மி.மீ., ஈ தந்தியில் 8-10 மி.மீ. இருந்தால் போதும். அதைவிட உயரமாக இருந்தால் விரல் அழுத்தவே பலமெல்லாம் போய்விடும், ஷிஃப்ட் செய்யக் கை தளராது. பிரிட்ஜைச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வில்லின் முடியில் தேய்க்கும் ரோசின் பேஸுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். வயலின் ரோசின் கடினமானது, தடித்த தந்தியைப் பிடிக்காது. பேஸ் ரோசின் மென்மையானது, வெயிலில் உருகி வழியும், ஆகவே டப்பாவைச் சாய்த்து வைக்காதீர்கள். இவற்றோடு ஒரு ட்யூனர், மெட்ரோனோம், அளவு நாடா, பென்சில் இருந்தால் போதும்.

2. பேஸ் தானாக நிற்க வேண்டும்

பேஸின் அடியிலிருந்து தரையில் ஊன்றும் எண்ட்பின்னை இழுத்து, நட் உங்கள் நெற்றி உயரத்துக்கு வரும்படி வையுங்கள். இடது காலைச் சற்று முன்னே வைத்து, பேஸை உங்கள் பக்கம் லேசாகத் திருப்புங்கள். அதன் பின்பக்க விளிம்பு இடது இடுப்புக்கு அருகில் சாய வேண்டும். வலது கை தளர்ந்து தொங்கும்போது, விரல்பலகை முடியும் இடத்துக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே வில் படுகிறதா என்று பாருங்கள். எட்டவில்லை என்றாலோ கை மடங்கினாலோ எண்ட்பின் உயரத்தை மாற்றுங்கள்.

இப்போது இரண்டு கைகளையும் எடுத்துவிடுங்கள். பேஸ் உங்கள்மேல் சாய்ந்தபடி அப்படியே நிற்க வேண்டும். விழப் போகிறது என்றால், இதுவரை இடது கட்டைவிரல்தான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. தாங்கிக்கொண்டிருக்கும் கட்டைவிரலால் நகர முடியாது. ஷிஃப்ட் சிக்கும்போது விரலைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள், ஆனால் பல நேரம் குற்றம் இங்கேதான் இருக்கும்.

3. முதலில் வில், விரல் வைக்காத திறந்த தந்தியில் மட்டும்

இடது கை சுருதியைத் தேடத் தொடங்குவதற்கு முன்பே வில் தெளிவான ஒலி தர வேண்டும். ஒலி கரகரத்தால் சுருதி சரியா தவறா என்று காதுக்குத் தெரியாது.

பிடி இரண்டு வகை. பிரெஞ்சுப் பிடியில் கை வில்லின் மேலிருந்து கவிழும். கட்டைவிரல் சற்று மடிந்து, கைப்பிடிக் கட்டையும் குச்சியும் சேரும் இடத்தைத் தொடும், நடுவிரல் அதற்கு எதிரே வரும். ஜெர்மன் பிடியில் கை பக்கவாட்டிலிருந்து வரும். குச்சியின் முனை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே படுத்திருக்கும், கட்டைவிரல் மேலே இருக்கும், சுண்டு விரல் கட்டையின் அடியைத் தாங்கும். உங்கள் ஆசிரியர் பிடிப்பதையே நீங்களும் பிடியுங்கள். இரண்டுக்கும் கைப்பிடிக் கட்டையின் வடிவமே வேறு என்பதால், பிடியை முடிவு செய்யாமல் வில் வாங்க வேண்டாம்.

நடுப்பகுதியில் முடிக்கும் குச்சிக்கும் இடையே ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு மட்டும் வில்லை முறுக்குங்கள். வாசித்து முடித்ததும் தளர்த்திவிடுங்கள்.

டி தந்தியின்மேல் வில்லின் நடுப்பகுதியை வைத்து, ஒரு நொடி அசையாமல் நில்லுங்கள். கையின் எடை தந்தியில் இறங்கி, தந்தியை முடி கவ்வுவது விரலுக்குத் தெரியும். அதன் பிறகு இழுங்கள். தடித்த தந்தி அதிரத் தொடங்கச் சற்று நேரம் எடுக்கும், ஆகவே கவ்வாமல் இழுத்தால் முதலில் காற்றொலி வந்து, பிறகுதான் சுரம் வரும்.

ஒலி கெடும்போது என்ன கோளாறு என்பதை ஒலியே சொல்லிவிடும். விசில் அடித்தால் வில் வேகமாகவும் எடையில்லாமலும் போகிறது. நெரிபட்டு நறநறவென்றால் எடை அதிகம், வேகம் போதவில்லை. ஒரே இழுப்பில் ஒலி மங்கி மங்கித் தெளிந்தால், வில் பிரிட்ஜுக்கு இணையாக இல்லாமல் மேலும் கீழும் வழுக்குகிறது. இதற்குக் கண்ணாடி முன் நின்று வாசிப்பதே மருந்து. ஈ தந்திக்கு எடை கூடுதலாகவும் வேகம் குறைவாகவும் வேண்டும், வில் படும் இடமும் விரல்பலகைப் பக்கம் சற்றுத் தள்ளி இருக்கட்டும்.

மெட்ரோனோம் 60-இல், நான்கு தட்டுக்கு ஒரு வில் என்று நான்கு தந்திகளிலும் சீரான ஒலி வரும்வரை இடது கையைத் தொட வேண்டாம்.

4. இடது கை: 1, 2, 4

வயலினில் ஒரு விரலுக்கு ஒரு சுரம் என்று நான்கு விரலும் வேலை செய்யும். அங்கே தந்தி நீளம் சுமார் 32.5 செ.மீ.தான். பேஸில் ஜி தந்தியின் ஏ-க்கும் பி-க்கும் நடுவே மட்டும் 10 செ.மீ. இருக்கிறது. அதனால் நட்டுக்கு அருகே 3-ஆம் விரல் தனியாகச் சுரம் பிடிப்பதில்லை. ஆள்காட்டி 1, நடுவிரல் 2, சுண்டு 4. 1-க்கும் 2-க்கும் அரைச்சுரம், 2-க்கும் 4-க்கும் இன்னோர் அரைச்சுரம். 4 அழுத்தும்போது மோதிர விரல் கூடவே இறங்கித் துணை நிற்கும். சுண்டு விரல் தனியாக அழுத்தினால் அதன் கணு உள்ளே மடிந்துவிடும்.

கட்டைவிரல் கழுத்தின் பின்னால், 2-ஆம் விரலுக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். ஆள்காட்டி சற்று மேலே நீண்டும் மற்றவை கீழே வளைந்தும் நிற்கும். முழங்கை தொங்கக் கூடாது. தொங்கினால் மணிக்கட்டு மடிந்து, 4-ஆம் விரல் சுரத்தை எட்டாது.

அழுத்தம் வர வேண்டியது கட்டைவிரல் கிடுக்கியிலிருந்து அல்ல, கையின் எடை பின்னோக்கி இழுப்பதிலிருந்து. சுரத்தை வாசித்துக்கொண்டே கட்டைவிரலை ஒரு நொடி கழுத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். சுரம் நின்றால் சரி. விரல் நுனி எரிவது இயல்புதான். கட்டைவிரலின் அடியிலோ முன்கையிலோ வலி வந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள், கிடுக்கிப்பிடி திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

எஃப் மேஜர் ஸ்கேலோடு தொடங்குங்கள். கையை நட்டை ஒட்டிய அரைப் பொசிஷனில் வைத்தால் ஷிஃப்ட்டே இல்லாமல் ஒரு ஸ்தாயி முழுவதும் வந்துவிடும். ஈ தந்தியில் எஃப் 1, ஜி 4. ஏ தந்தியில் திறந்த ஏ, பி ஃபிளாட் 1, சி 4. டி தந்தியில் திறந்த டி, ஈ 2, எஃப் 4. கை அசையாமல் இது சுருதியோடு வந்த பிறகுதான், கையை அசைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

5. பொசிஷன்களும் இரண்டே அடையாளங்களும்

1-2-4 என்ற அமைப்பு கலையாமல் எந்த இடத்தில் உட்காருகிறதோ அதுதான் பொசிஷன். ஜி தந்தியில் முதல் பொசிஷன் என்றால் ஏ, பி ஃபிளாட், பி. மூன்றாம் பொசிஷன் என்றால் சி, சி ஷார்ப், டி. எண் வைக்கும் முறை புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். ஆகவே 1-ஆம் விரல் எந்தச் சுரத்தில் இருக்கிறது என்பதை வைத்தே நினைவில் கொள்ளுங்கள்.

விரல்பலகையின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு புள்ளிகள் போதும். ஜி தந்தியில் ஏ, நட்டிலிருந்து சுமார் 11.5 செ.மீ. டி, தந்தி நீளத்தில் சரியாக மூன்றில் ஒரு பங்கு, அதாவது 35 செ.மீ. அழுத்தும்போது தந்தி சற்று இழுபட்டுச் சுருதி ஏறும், ஆகவே ட்யூனரைப் பார்த்து மில்லிமீட்டர் கணக்கில் திருத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அரைச்சுரத்துக்கும் டேப் ஒட்டுவதை நான் ஏற்கமாட்டேன். பிள்ளை கண்ணால் விரலைத் தேடப் பழகிவிடும், தலை குனியும், தலை குனிந்தால் பேஸின் சாய்வும் மாறும்.

புள்ளி அழிந்த பிறகும் ஓர் அடையாளம் மிஞ்சும். கட்டைவிரல் கழுத்தின் அடியில் வளைவு தொடங்கும் இடத்தில் முட்டும்போது, ஜி தந்தியில் 1-ஆம் விரல் பல பேஸ்களில் டி-யிலும் வேறு சிலவற்றில் ஈ ஃபிளாட்டிலும் விழும். உங்கள் பேஸ் எந்த வகை என்று முதல் நாளே கண்டுபிடித்து வையுங்கள்.

6. சத்தமில்லாமல் ஷிஃப்ட்

வில்லைக் கீழே வைத்துவிடுங்கள். 1-ஆம் விரல் ஏ-யில் அழுத்தியிருக்கட்டும். இனி நான்கு செயல்கள், இதே வரிசையில்.

முதலில் அழுத்தத்தை விடுங்கள், ஆனால் விரல் தந்தியை விட்டு எழக் கூடாது. ஹார்மோனிக் வாசிக்கும்போது தொடுவதுபோல் தொட்டுக்கொண்டிருக்கட்டும். பிறகு முழங்கையிலிருந்து கையை நகர்த்துங்கள், கட்டைவிரலும் விரல்களும் ஒரே கட்டாகப் போக வேண்டும். சி-க்கு வந்ததும் நில்லுங்கள். கடைசியில்தான் அழுத்த வேண்டும்.

வரிசை தவறினால் விளைவு உடனே தெரியும். அழுத்தத்தை விடாமல் நகர்ந்தால் விரல் தந்தியில் உராய்ந்து நடுவழியில் நிற்கும். விரலை முழுவதும் தூக்கிவிட்டால் வழிகாட்ட ஒன்றும் இல்லாமல், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் விழும். நிற்பதற்கு முன்பே அழுத்தினால் சுரத்தின் தலையில் ஓர் இழுவை ஒட்டிக்கொள்ளும்.

கர்நாடக வயலின் பழகிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கடைசித் தவறு அதிகம் வரும். கமகத்துக்காக அழுத்தத்தோடு இழுத்துப் பழகிய விரல் அது. இங்கே பயணம் காதில் விழக் கூடாது என்பதை அவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஏ-யிலிருந்து சி, சி-யிலிருந்து ஏ. நாளுக்கு ஐந்து நிமிடம். முதலில் கண்ணைத் திறந்து, பிறகு மூடி.

7. பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு

இப்போது டி மேஜர். டி தந்தியில் திறந்த டி, ஈ 1, எஃப் ஷார்ப் 4. ஜி தந்தியில் திறந்த ஜி, ஏ 1, பி 4. இங்கே ஷிஃப்ட். சி ஷார்ப் 2, டி 4.

பி-க்கும் சி ஷார்ப்புக்கும் நடுவே இருப்பது ஒரு முழுச்சுரம், தந்தியில் சுமார் 9 செ.மீ. காது கேட்கும் தூரம் அதுதான், ஆகவே பிள்ளை கையையும் 9 செ.மீ. மட்டும் நகர்த்தும். ஆனால் பி-யில் இருப்பது 4-ஆம் விரல், சி ஷார்ப்பில் விழ வேண்டியது 2-ஆம் விரல். 1-ஆம் விரலைக் கவனித்தால் உண்மைக் கணக்கு தெரியும். அது ஏ-யிலிருந்து சி-க்குப் போக வேண்டும், மூன்று அரைச்சுரம், ஏறத்தாழ 15 செ.மீ. காது ஒன்று சொல்ல, கை வேறொன்று செய்ய வேண்டிய இடம் இது. அநேகமாக எல்லோருடைய சி ஷார்ப்பும் தணிந்து விழுவதற்கு இதுவே காரணம்.

ஆகவே 4-இலிருந்து 2-க்குத் தாவுவதாக நினைக்க வேண்டாம். 4 அழுத்தும்போது 1-உம் தந்தியில்தான் இருக்கிறது. அதையே வழிகாட்டியாக்குங்கள். பி வாசியுங்கள், அழுத்தம் விடுங்கள், 1-ஐ ஏ-யிலிருந்து சி-க்கு நகர்த்துங்கள், சி-யை ஒருமுறை வாசித்துப் பாருங்கள், பிறகு 2-ஐ இறக்குங்கள். சி சரியாக இருந்தால் சி ஷார்ப் தானாக அமையும். இது பழகிய பிறகு நடுவில் வரும் சி-யை வாசிக்காமல் விட்டுவிடலாம், கை மட்டும் அந்த வழியே போகட்டும்.

இன்னொரு நுணுக்கம், கீழே போகப் போகச் சுரங்கள் நெருங்கும். முதல் பொசிஷனில் 1-க்கும் 4-க்கும் 10 செ.மீ. இருந்தது, இங்கே சுமார் 8.5 செ.மீ.தான். பழைய விரிப்போடு வந்தால் சி சரியாக இருந்தும் டி ஏறிவிடும்.

சரிபார்க்க ட்யூனர்கூட வேண்டாம். டி-யை வாசித்து வில்லை எடுங்கள், உடனே ஜி தந்தியை விரலால் அணையுங்கள். சுருதி சேர்ந்திருந்தால், பக்கத்தில் யாரும் தொடாத டி தந்தி தானாக அதிர்ந்து மெல்ல ஒலித்துக்கொண்டிருக்கும். ஒன்றும் கேட்கவில்லை என்றால் டி தவறு. (திறந்த தந்திகள் முதலில் சுருதியில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.)

8. வில்லையும் சேர்ப்பது

மெட்ரோனோம் 60. பி இரண்டு தட்டு, பிறகு ஒரு தட்டு வில்லைத் தந்தியிலேயே நிறுத்துங்கள், அந்த மௌனத்தில் ஷிஃப்ட், பிறகு சி ஷார்ப் இரண்டு தட்டு. நிறுத்தத்தில் கை பதறாமல் போய்ச் சேர்ந்தால், மௌனத்தை அரைத் தட்டாக்குங்கள். பிறகு எடுத்துவிடுங்கள்.

மௌனத்தை எடுத்த பின் ஷிஃப்டுக்கான நேரம் எங்கிருந்து வரும்? பி-யின் கடைசித் துளியிலிருந்து. சி ஷார்ப் எப்போதும் தட்டில் சரியாக விழ வேண்டும், பி சற்றுக் குறுகலாம். தொடங்குபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். பி-யை முழுவதும் பிடித்துவிட்டு, தட்டு அடித்த பிறகு கையைக் கிளப்புவார்கள்.

கை நகரும்போது வில்லின் எடையையும் குறையுங்கள், வில் தந்தியை விட்டு எழ வேண்டாம். இடது கை வேகமெடுத்தால் வலது கையும் கூடவே வேகமெடுக்கும், அதுதான் இழுவை ஒலியைப் பெரிதாக்குகிறது. புதிய இடத்தில் அதிரும் தந்தி குட்டையாகிவிட்டதால், வில் ஓரிரு செ.மீ. பிரிட்ஜின் பக்கம் வர வேண்டும். வராவிட்டால் சி ஷார்ப்பும் டி-யும் மங்கலாகக் கேட்கும், பிள்ளை விரலைத்தான் சந்தேகிக்கும்.

இரண்டு சுரத்தையும் ஒரே வில்லில் இணைப்பது கடைசி. தனித்தனி வில்லில் சுத்தமாக வராதது இணைப்பில் வராது.

9. திரும்பி வருவது

டி 4, சி ஷார்ப் 2, பி 4, ஏ 1. தூரம் அதேதான், தவறு மட்டும் வேறு. கட்டைவிரல் கழுத்தில் ஒட்டிக்கொண்டு பின்தங்கும், விரல்கள் மட்டும் மேலே எட்டும். அப்போது பி தணியாமல் ஏறியே நிற்கும். கட்டைவிரலை முதலில் தளர்த்திவிட்டு, முழங்கை கையை மேலே கூட்டிப்போகட்டும். 1-ஆம் விரல் ஏ-யின் புள்ளியைத் தொட்ட பிறகே 4-ஐ இறக்குங்கள். கை மேலேறும்போது பேஸ் முழுவதும் ஆடினால், 2-ஆம் படிக்கே திரும்ப வேண்டும்.

10. அடுத்து சி மேஜர்

ஏ தந்தியில் சி 2, டி தந்தியில் திறந்த டி, ஈ 1, எஃப் 2, ஜி தந்தியில் திறந்த ஜி, ஏ 1. அதன் பிறகு பி 2, சி 4. இங்கே கை ஒரே ஓர் அரைச்சுரம், சுமார் 5 செ.மீ., நகர்கிறது. 15 செ.மீ. நகர்த்திய கைக்கு இது எளிது என்று தோன்றும். ஆனால் தூரம் குறைவாக இருப்பதால் கட்டைவிரலை அப்படியே வைத்துக்கொண்டு விரல்களை மட்டும் நீட்டத் தோன்றும், சி தணிந்தே விழும். ஏ வாசித்ததும் 1-ஐ பி ஃபிளாட்டுக்கு நகர்த்தி, அங்கே நிறுத்தி, கட்டைவிரல் இன்னும் 2-ஆம் விரலுக்கு எதிரேதான் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அதன் பிறகு பி.